கம்பெனி ஆண்டு விழா: வரவேற்புரை, நன்றியுரை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் பதில்களுக்கெல்லாம் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஓசூர் சிப்காட்டில் 180 பேர் வேலை செய்கிற ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனி. சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு, பாகலூர் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. மேடையில் ஆறு பேர்: நிர்வாக இயக்குநர், மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளர் (இவர்தான் சிறப்பு விருந்தினர்), சரக்கு வாங்கும் பெரிய கம்பெனியின் கொள்முதல் அதிகாரி, சிறுதொழில் சங்கத் தலைவர், ஆலை மேலாளர், தொழிற்சங்கச் செயலாளர்.

வரவேற்புரை என் தலையில் விழுந்துவிட்டது. முதல் வரியை எப்படி எழுதுவது?

முதல் வரியைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம். முதலில் வேண்டியது பட்டியல். ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் பெயர், அவர் தன் பெயரை எப்படிச் சொல்வாரோ அப்படியே, இனிஷியலோடு. இரண்டாவதில் இன்றைய பதவி. மூன்றாவதில் இந்த வருஷம் நமக்கு அவர் செய்த ஒரு காரியம். நான்காவதில் வருகை உறுதியா, இல்லையா.

இரண்டாவது கட்டத்தில்தான் பெரும்பாலான தவறு நடக்கிறது. போன விழாவின் பேச்சை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றுவார்கள். அதிகாரி அதற்குள் மாறுதலாகிப் போயிருப்பார். ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆனது. பழைய தாளில் இன்னும் ‘நகர்மன்றத் தலைவர்’ என்று இருக்கும், மேடையில் மேயர் உட்கார்ந்திருப்பார். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி 2004லேயே பிரிந்துவிட்டது. ஆனாலும் பழக்கதோஷத்தில் ‘தருமபுரி மாவட்ட’ என்று வாயில் வந்துவிடுகிறது. விழாவுக்கு முந்தைய நாள் விருந்தினரின் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, பெயரையும் பதவியையும் அவர்கள் வாயால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கட்டம் நன்றியுரை சொல்பவருக்கானது. ஆகவே இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே தாளை நிரப்புவது நல்லது. தனித்தனியாக எழுதினால் ஒருவர் வரவேற்றவரை மற்றவர் விட்டுவிடுவார்.

எம்.டி. பெயர் முதலிலா, சிறப்பு விருந்தினர் பெயர் முதலிலா?

சில கம்பெனிகளில் விழாத் தலைவரை முதலில் வரவேற்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனாலும் வெளியார் முதலில், வீட்டார் பிறகு என்பதுதான் எங்கள் கருத்து. எம்.டி. விருந்து வைப்பவர், அவரை ‘வரவேற்கிறோம்’ என்பதைவிட ‘தலைமை ஏற்றிருக்கிற’ என்று சொல்வதே பொருத்தம். நம் உதாரணத்தில் வரிசை இப்படி வரும்: தொழில் மையப் பொது மேலாளர், கொள்முதல் அதிகாரி, சங்கத் தலைவர், எம்.டி., ஆலை மேலாளர், தொழிற்சங்கச் செயலாளர். அதன் பிறகு சப்ளையர்கள், தொழிலாளர்கள், குடும்பத்தார்.

எந்த வரிசையை எடுத்தாலும் சரி, அழைப்பிதழில் உள்ளதும் பேச்சில் வருவதும் பொன்னாடைத் தட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். அழைப்பிதழில் மூன்றாவதாக அச்சான சங்கத் தலைவரை ஐந்தாவதாகக் கூப்பிட்டால் அவர் முகத்திலேயே தெரிந்துவிடும். அரசு அதிகாரிகள் இரண்டு மூன்று பேர் வந்தால் யார் முன், யார் பின் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். அவர்களில் மூத்தவருடைய அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

மாண்புமிகு, வணக்கத்திற்குரிய, உயர்திரு... யாருக்கு எது?

அமைச்சருக்கு மாண்புமிகு. மேயருக்கு முன்பு வணக்கத்திற்குரிய, இப்போது அவருக்கும் மாண்புமிகு. நீதிபதிக்கு மாண்பமை. மற்ற எல்லோருக்கும் ‘திரு’வும் பெயருக்குப் பின் ‘அவர்கள்’ என்பதும் போதும். ‘உயர்திரு ஐயா அவர்கள்’ என்று மூன்றையும் அடுக்கினால் மரியாதை கூடாது, பேச்சுதான் நீளும். பெண்களுக்குத் திருமதியா செல்வியா என்று தடுமாறுவதைவிடப் பதவியைச் சொல்லிப் பெயரைச் சொல்லி ‘அவர்கள்’ என்று முடிக்கலாம்.

வட மாநிலப் பெயர்களைத் தமிழில் எழுதி வைத்துப் படிக்கும்போது கவனம் வேண்டும். ‘பாட்டியா’ என்று எழுதியதை மேடையில் நம் பாட்டியைப் போலப் படித்துவிட்டால் சபை சிரித்துவிடும். பெயருக்கு மேலே உங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு குறி போட்டுக்கொண்டு பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

எத்தனை நிமிஷம் பேசலாம்? நான்கு நிமிஷம் என்றார்கள், பத்து நிமிஷம் ஆகிவிட்டது.

பொன்னாடையைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டீர்கள். மேடையில் நிதானமாகத் தமிழ் பேசினால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய தொண்ணூறு சொற்கள் வரும். முந்நூற்றைம்பது சொற்கள் எழுதினால் நான்கு நிமிஷம். சரிதான். ஆனால் பெயர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுந்து, பொன்னாடை பிரித்து, போர்த்தி, போட்டோவுக்கு நின்று, உட்கார ஒரு ஆளுக்கு நாற்பது வினாடி ஆகும். ஆறு பேருக்கு 240 வினாடி, அதாவது இன்னொரு நான்கு நிமிஷம். நடுவில் தட்டைக் கொண்டுவரும் பிள்ளை வேறு பொன்னாடையை எடுத்துவிட்டால் ஐந்து.

இதற்கு இரண்டு வழி உண்டு. பேச்சை நூற்றைம்பது சொற்களாகச் சுருக்கி, பொன்னாடையோடு சேர்த்து ஆறு நிமிஷத்தில் முடிக்கலாம். அல்லது வரவேற்புரையைத் தனியாக முடித்துவிட்டு, சிறப்பு செய்வதைத் தொகுப்பாளர் கையில் விட்டுவிடலாம். பின்னதுதான் சுத்தம். பொன்னாடை போர்த்துகிற நேரத்தில் பேச்சாளர் மைக் முன்னால் சும்மா நிற்கிற சங்கடமும் இல்லை.

விருந்தினரின் வாழ்க்கைக் குறிப்பு வரவேற்புரையில் வேண்டாம். அதை அவர் பேசப் போகும் முன் வேறொருவர் படிப்பார். உற்பத்தி, விற்பனைக் கணக்கும் வேண்டாம். அடுத்து ஆண்டறிக்கை வருகிறது. கே.ஆர்.பி. அணை, மாம்பழம் என்று ஊர்ப் பெருமையில் தொடங்குவதும் வேண்டாம். இந்த மாவட்டத்தில் வேலை பார்க்கிற அதிகாரி வாரத்துக்கு இரண்டு விழாவில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பெயர் சொன்னால் கைதட்டலே வருவதில்லையே?

வாக்கியத்தின் கட்டுமானத்தைப் பாருங்கள். தமிழில் வினை கடைசியில் வருகிறது. ‘அவர்களையும், அவர்களையும், அவர்களையும்’ என்று ஐந்து பேரை ஒரே வாக்கியத்தில் கோத்து முடிவில் ‘வரவேற்கிறேன்’ என்றால், எங்கே தட்டுவது என்று சபைக்குத் தெரியாது. மேடையில் இருப்பவருக்கும் எப்போது எழுந்து கும்பிடுவது என்று தெரியாது.

ஒரு ஆளுக்கு ஒரு வாக்கியம். அதற்குள் முதலில் அவர் செய்த காரியம், அடுத்து பதவி, கடைசியில் பெயர், உடனே வினை. பெயர் காதில் விழுந்த கையோடு ‘வருக’ என்று முடித்துவிட்டு இரண்டு வினாடி நிறுத்துங்கள். தட்டுவார்கள்.

கம்பெனி சார்பில் பேசுகிறோம் என்பதால் ‘வரவேற்கிறோம்’ என்பதே சரி. ‘இருகரம் கூப்பி, சிரம் தாழ்த்தி’ ஒரு முறை வந்தால் போதும்; ஆறு பேருக்கும் சிரம் தாழ்த்த வேண்டியதில்லை.

மாதிரி வரவேற்புரை ஒன்று கொடுங்களேன்.

தமிழ்த்தாய் வாழ்த்தும் குத்துவிளக்கும் முடிந்த பிறகு வருவது. புள்ளி இட்ட இடங்களில் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

> அனைவருக்கும் வணக்கம். காலை ஷிப்ட் முடித்து, வீட்டுக்குப் போய்க் குடும்பத்தோடு திரும்பி வந்திருக்கிறீர்கள். இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். இந்த விழா உங்களுடையது.
>
> நம் புதிய இயந்திரத்துக்கான மானிய விண்ணப்பத்தில் விட்டுப்போன இரண்டு ஆவணங்களைச் சுட்டிக்காட்டி, அலைச்சல் இல்லாமல் முடித்துக் கொடுத்தவர், மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளர் திரு. .......... அவர்கள். ஐயா, வருக.
>
> நம் பொருளில் குறை இருந்தால் கடிதம் எழுதாமல் நேரில் வந்து லைனில் நின்று காட்டுபவர், கொள்முதல் அதிகாரி திரு. .......... அவர்கள். வருக.
>
> மின்சாரப் பிரச்சினை என்றால் இந்த வட்டாரத்தின் சின்னக் கம்பெனிகள் முதலில் போன் செய்வது இவருக்குத்தான். சிறுதொழில் சங்கத் தலைவர் திரு. .......... அவர்கள். வருக.
>
> தலைமை ஏற்றிருக்கும் நம் நிர்வாக இயக்குநர் திரு. .......... அவர்களையும், முன்னிலை வகிக்கும் ஆலை மேலாளர் திரு. .......... அவர்களையும் வணங்கி வரவேற்கிறோம்.
>
> பேச்சுவார்த்தை மேஜையில் எதிரில் உட்கார்ந்தாலும், இந்த மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தொழிற்சங்கச் செயலாளர் திரு. .......... அவர்கள். வருக.
>
> சப்ளையர்களே, ஓய்வு பெற்ற நம் மூத்தவர்களே, தொழிலாளர்களே, முக்கியமாக எங்கள் ஓவர்டைமைப் பொறுத்துக்கொள்ளும் குடும்பத்தாரே, எல்லோரும் வருக. விழா எட்டரைக்கு முடியும். பஸ் எட்டே முக்காலுக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு.

கடைசி வரியைச் சின்ன விஷயம் என்று வெட்டிவிடாதீர்கள். சூளகிரிக்கும் கெலமங்கலத்துக்கும் இராயக்கோட்டைக்கும் போக வேண்டியவர் பஸ் நேரம் தெரியாமல் விழாவைப் பார்க்க மாட்டார். தொழிற்சங்கம் பற்றிய வரியை மட்டும் முன்கூட்டியே அந்தச் செயலாளரிடம் காட்டிவிடுங்கள். ஊதிய ஒப்பந்தம் பேச்சில் இருக்கிற சமயம் என்றால் அந்தக் கிண்டலே வேண்டாம். பதவியும் பெயரும் போதும்.

எங்கள் ஆட்களில் பாதிப் பேர் தெலுங்கு, கன்னடம். ஒடிசா, பீகார் பையன்களும் இருக்கிறார்கள். எல்லாவற்றிலும் பேச வேண்டுமா?

முழுப் பேச்சையும் மொழிபெயர்த்தால் யாரும் கேட்க மாட்டார்கள். கடைசிப் பத்தியில் ஒவ்வொரு மொழியிலும் ஒரு வணக்கம் போதும். தெலுங்கில் ‘அந்தரிக்கி நமஸ்காரம்’, கன்னடத்தில் ‘எல்லரிகூ நமஸ்கார’, ஹிந்தியில் ‘ஆப் சப்கா ஸ்வாகத் ஹை’. தமிழ் எழுத்தில் இந்த ஒலிகள் முழுதாக வராது. அந்த மொழிக்காரர் ஒருவரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பஸ் நேரத்தையும் சாப்பாடு எங்கே என்பதையும் மட்டும் ஹிந்தியிலும் ஒரு முறை சொல்லிவிடுங்கள். தமிழ் தெரியாதவர்களுக்கு உண்மையாகவே தேவைப்படுவது அந்த இரண்டும்தான்.

சிறப்பு விருந்தினர் இன்னும் சூளகிரி தாண்டவில்லை. ஆரம்பிக்கச் சொல்கிறார்கள்.

ஆரம்பிக்கலாம். ஆனால் அவருக்குரிய பத்தியைத் தாண்டிவிடுங்கள். காலி நாற்காலியைப் பார்த்து ‘வருக’ என்றால் கேட்க நன்றாக இருக்காது. அவர் மண்டபத்துக்குள் நுழைந்ததும், அப்போது பேசிக்கொண்டிருப்பவர் முடிக்கும்வரை காத்திருந்து, தொகுப்பாளர் உங்களை மறுபடி அழைக்கட்டும். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம்.

அவருக்குப் பதில் வேறு அதிகாரி வந்திருந்தால் ‘பொது மேலாளர் வர முடியாத காரணத்தால்’ என்று தொடங்காதீர்கள். வந்தவரின் பெயர், பதவி, வருக, அவ்வளவுதான். கூடவே நன்றியுரை வைத்திருப்பவரின் தாளிலும் அப்போதே பெயரை மாற்றிவிட வேண்டும். இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். கடைசியில் வராத அதிகாரிக்கு ‘வருகை தந்து சிறப்பித்தமைக்கு’ நன்றி போய்ச் சேர்கிறது.

நன்றியுரை சொல்ல எழுந்தாலே சனம் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடுகிறது.

பெரும்பாலும் நிகழ்ச்சி நிரல்தான் காரணம். நன்றியுரையைக் கலை நிகழ்ச்சிக்குப் பின்னால் வைத்தால், குழந்தைகள் நடனம் முடிந்த கையோடு பெற்றோர் கிளம்பிவிடுவார்கள். சிறப்பு விருந்தினர் அதற்கும் முன்பே போயிருப்பார். ஆளே இல்லாத நாற்காலிக்கு யார் நன்றி சொல்வது?

பரிசளிப்பு முடிந்ததும் நன்றியுரை, உடனே நாட்டுப்பண், பிறகு கலை நிகழ்ச்சி, சாப்பாடு என்று மாற்றுங்கள். நாட்டுப்பண்ணுக்கு 52 வினாடி. எல்லோரும் நிற்க வேண்டியிருப்பதால் நன்றியுரை முடியும்வரை ஆள் இருக்கும். கலை நிகழ்ச்சி முடிந்தபின் ஆடியவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தவருக்கும் தொகுப்பாளர் இரண்டு வரி நன்றி சொன்னால் போதும்.

எதை எழுதினாலும் ‘நன்றி, நன்றி’ என்றே வருகிறது.

வரவேற்புரையின் பட்டியலைக் காப்பி அடித்து ‘வரவேற்கிறோம்’ என்ற இடத்தில் ‘நன்றி’ என்று மாற்றியிருப்பீர்கள். அதிலே இன்னொரு தொல்லையும் உண்டு. வரவேற்பது ‘அவர்களை’, நன்றி ‘அவர்களுக்கு’. அவசரத்தில் வேற்றுமை உருபு மாறாமல் ‘மேலாளர் அவர்களை... நன்றி’ என்று மேடையில் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும்.

வரவேற்பு ஆளுக்கு, நன்றி காரியத்துக்கு. பட்டியலின் மூன்றாவது கட்டம் இங்கேதான் கை கொடுக்கிறது. ‘ஒத்துழைப்பு நல்கிய’ என்ற சொல் வந்தால் நிறுத்தி, என்ன ஒத்துழைப்பு என்று கேளுங்கள். ஜெனரேட்டர் கொடுத்தாரா, மூன்று நாள் ஷிப்ட் மாற்றிக்கொடுத்தாரா? அதையே எழுதினால் நன்றி என்ற சொல் பாதியாகக் குறையும்.

தாளில் இரண்டு வரி காலியாக விட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிறப்பு விருந்தினர் பேசும்போது அவர் சொன்ன ஒரு விஷயத்தை அங்கே குறித்து, அதற்காகவே நன்றி சொல்ல வேண்டும். நன்றியுரை மட்டும்தான் அந்த விழாவிலேயே பாதி எழுதப்படுகிற பேச்சு.

மாதிரி நன்றியுரையும் வேண்டும்.

> நன்றி சொல்லும் நேரம். மூன்று நிமிஷம் மட்டும்.
>
> ‘..........’ என்று இன்று சொன்னீர்கள், ஐயா. திங்கட்கிழமை ஷிப்ட் கூட்டத்தில் அதைப் பேசப் போகிறோம். பொது மேலாளர் அவர்களுக்கு எங்கள் நன்றி.
>
> பரிசுகளைத் தன் கையால் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் எந்த மெஷின் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட கொள்முதல் அதிகாரி அவர்களுக்கும், விழா அனுமதிகளுக்கு வழிகாட்டிய சிறுதொழில் சங்கத் தலைவர் அவர்களுக்கும் நன்றி.
>
> இந்த விழாவுக்காக இரண்டாவது ஷிப்டை நிறுத்தச் சம்மதித்த எம்.டி. அவர்களுக்கும், அந்த உற்பத்தியை மூன்று நாளில் ஈடுகட்டிக் கொடுத்த ஆலை மேலாளருக்கும் தொழிற்சங்கச் செயலாளருக்கும் நன்றி. ஈடுகட்டியது உண்மையில் நீங்கள்தான். உங்களுக்கு இரட்டை நன்றி.
>
> நாம் இங்கே உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்தில் கம்பெனி கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன்மார் நான்கு பேர், ஃபர்னஸ் அணையாமல் பார்த்துக்கொள்ளும் இரண்டு பேர் இந்த விழாவைப் பார்க்கவில்லை. அவர்களுக்குச் சாப்பாடு போய்விட்டது. நன்றியும் இப்போது போகிறது.
>
> காலையிலிருந்து நாற்காலி போட்ட ஹவுஸ்கீப்பிங் அக்காமார், பின்னால் அடுப்பு முன் நிற்கும் சமையல்காரர்கள், ஒலி ஒளி, பந்தல், போட்டோ, பஸ் டிரைவர்கள் எல்லோருக்கும் நன்றி.
>
> இப்போது நாட்டுப்பண். எல்லோரும் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

பெயர் மேடையில் இருப்பவர்களுக்கு மட்டும். அதன் பிறகு பிரிவு பிரிவாகச் சொல்லுங்கள். விழாக் குழுவில் பன்னிரண்டு பேர் இருந்து ஏழு பேரின் பெயரைச் சொன்னால், விடுபட்ட ஐந்து பேர் அடுத்த வருஷம் நாற்காலி தூக்க வர மாட்டார்கள்.

யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் மன்னிக்கவும் என்று சொல்லிவிடலாமா?

அதைச் சொன்னதுமே விட்டுப்போனவர் யார் என்று எல்லோரும் தேட ஆரம்பிப்பார்கள். அதற்குப் பதில், மேடைக்குக் கீழே ஒருவரை உட்காரவைத்து, நீங்கள் சொல்லச் சொல்லப் பட்டியலில் டிக் அடிக்கச் சொல்லுங்கள். விட்டுப்போனால் அவர் ஒரு சீட்டு நீட்டுவார். இறங்குவதற்கு முன் அந்தப் பெயரைச் சாதாரணமாகச் சொல்லிவிடலாம்.

இந்த வருஷம் எங்கள் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். எதில் சொல்வது?

இரண்டிலும் வேண்டாம். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து, விளக்கேற்றும் முன் எம்.டி. அவர் பெயரைச் சொல்லி ஒரு நிமிஷம் மௌனம் கேட்கட்டும். குடும்பத்தார் வந்திருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மௌனம் முடிந்து விளக்கேற்றியபின் உங்கள் பேச்சு இயல்பாகவே தொடங்கலாம்.

மொபைலைப் பார்த்துப் படிக்கலாமா?

நடுவில் போன் வரும், திரை அணையும், வாட்ஸ்அப் செய்தி பெயருக்கு மேலே வந்து உட்காரும். தாளே நல்லது. எழுத்தளவு பதினெட்டு, ஒரு பக்கம் மட்டும், ஒவ்வொரு தாளும் முற்றுப்புள்ளியில் முடிய வேண்டும். பின் அடிக்காமல் மூலையில் 1, 2 என்று எண் போடுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் டைப் செய்த கோப்பை வேறு கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். யூனிகோடில் டைப் செய்து பி.டி.எஃப். ஆக்கி, வெள்ளிக்கிழமையே இரண்டு பிரதி எடுத்துவிடுங்கள். ஒன்று உங்கள் சட்டைப்பையில், மற்றொன்று தொகுப்பாளரிடம்.